நடத்தையா, அனுபவமா, உள்ளே நடக்கும் வேலையா? உளவியலின் ஆய்வுப்பொருள் பற்றி மூன்று பதில்கள்

கேள்வி: நடத்தைவாதம், மனிதநேய உளவியல், அறிவாற்றல் உளவியல் மூணும் உளவியல் எதைப் படிக்கணும்னு சொல்லுதுங்கறதுல குழப்பமா இருக்கு. பேரும் வருஷமும் மனப்பாடம் ஆயிடுச்சு. ஆனா ஒப்பிட்டு எழுதச் சொன்னா எல்லாம் கலந்துடுது. தேர்வுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பார்க்கற மாதிரி யாராவது சொல்ல முடியுமா?

பதில்:

ஒவ்வோர் அணுகுமுறையையும் படிக்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். அது எதை விளக்க வருகிறது? எதைச் சான்றாக ஏற்றுக்கொள்கிறது? கலந்துபோவது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான்.

நடத்தைவாதத்தில் இரண்டுக்கும் பதில் ஒன்றே: நடத்தை. விளக்க வேண்டியதும் அதுதான், சான்றும் அதுதான். மனிதநேய உளவியலிலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அங்கே அது நடத்தை அல்ல, ஒரு மனிதர் தன் வாழ்க்கையை உள்ளிருந்து உணரும் அனுபவம். அறிவாற்றல் உளவியலில் மட்டும் இரண்டும் பிரிகின்றன. சான்று வெளியே தெரியும் நடத்தை. விளக்க வேண்டியதோ அந்த நடத்தைக்குப் பின்னால் நடக்கும், யாரும் நேரடியாகப் பார்க்க முடியாத செயல்முறை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் இதன் மேல் உட்காரும்.

முதலில் இந்தச் சண்டை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வுண்ட் ஆய்வுக்கூடம் தொடங்கியபோது உளவியலின் பொருள் நனவு, அதாவது விழிப்போடு இருக்கும் மனத்தின் அனுபவம். முறை அகநோக்கு: பயிற்சி பெற்ற ஒருவர் தன் மனத்தில் அப்போது நடப்பதைக் கவனித்துச் சொல்வது. சிக்கல் சில பத்தாண்டுகளில் வெளிப்பட்டது. எண்ணம் ஓடும்போது மனத்தில் ஏதாவது படிமம், அதாவது மனக்காட்சி, இருந்தே தீருமா? இல்லாமலும் எண்ணம் ஓடுகிறது என்று வூர்ஸ்புர்க் ஆய்வாளர்கள் சொன்னார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டிச்னர், உங்கள் ஆட்கள் சரியாகக் கவனிக்கவில்லை, எங்கள் ஆட்களுக்குப் படிமம் தெரிகிறது என்றார். யார் சொல்வது சரி? தீர்ப்பதற்கு வழியே இல்லை. ஒருவர் மனத்துக்குள் இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாதே.

1913-இல் வாட்சன் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். இயற்பியலில் இரண்டு ஆய்வுக்கூடங்களின் முடிவுகள் ஒத்துப்போகாவிட்டால் கருவியையோ சோதனைச் சூழலையோ குறை சொல்வார்கள். உளவியலில் மட்டும் கவனித்த ஆளைக் குறை சொல்கிறார்கள், உன் அகநோக்குக்குப் பயிற்சி போதவில்லை என்று. இப்படி ஓர் இயற்கை அறிவியலை நடத்த முடியாது என்பது அவர் வாதம். அவர் முன்வைத்த மாற்று: உளவியல் புறவயமான, சோதனை சார்ந்த இயற்கை அறிவியல். அதன் இலக்கு நடத்தையை முன்கூட்டிக் கணிப்பதும் கட்டுப்படுத்துவதும். அகநோக்குக்கு அதில் இன்றியமையாத இடம் இல்லை. மனிதனுக்கும் விலங்குக்கும் நடுவே கோடும் இல்லை. கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எலியை வைத்துச் சோதனை செய்தது கையில் எலி கிடைத்ததால் மட்டும் அல்ல. ஆய்வுப்பொருள் நடத்தை என்று வரையறுத்த பிறகு, எலியின் நடத்தையும் மனிதனின் நடத்தையும் ஒரே பாடத்தின் பகுதிகளாகிவிடுகின்றன.

1920-இல் வாட்சனும் ரோசலி ரேய்னரும் செய்த குட்டி ஆல்பர்ட் சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏறத்தாழ 11 மாதக் குழந்தை வெள்ளை எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் எஃகுக் கம்பியில் சுத்தியலால் தட்டினார்கள். பிறகு எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. விடையில் இதைக் கதையாக எழுதாதீர்கள். வரையறையோடு கோத்து எழுதுங்கள்: பயம் என்ற, முழுக்க உள்ளே இருப்பதாக நாம் நினைக்கும் ஒன்றை, அழுவது, விலகுவது, தவழ்ந்து ஓடுவது என்று கண்ணால் பார்க்கக்கூடிய துலங்கல்களாக, அதாவது எதிர்வினைகளாக, மாற்றிக் காட்டியதுதான் அதன் நோக்கம். ஒரே ஒரு குழந்தை, ஏற்படுத்திய பயத்தை நீக்காமலேயே விட்டது, ஒழுக்க ரீதியாக இன்று எந்தக் குழுவும் அனுமதிக்காதது என்ற குறைகளையும் ஓரிரு வரியில் சேர்க்கலாம்.

நடத்தைவாதத்தில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஸ்கின்னர். ‘மனத்தில் எண்ணம், உணர்வு எதுவும் கிடையாது என்றார் ஸ்கின்னர்’ என்று எழுதினால் அது தவறு. பல்வலி இருக்கிறது, அது அனுபவிப்பவருக்கு மட்டுமே தெரிகிறது, அதையும் உளவியல் விளக்க வேண்டும் என்பதே அவர் நிலை. அவற்றை அவர் அகநிகழ்வுகள் என்றார், அவையும் நடத்தையே என்றார். அவர் மறுத்தது வேறொன்றை: அவற்றைக் காரணமாகக் காட்டுவதை.

ஏன் மறுத்தார் என்பதை இப்படிப் பார்க்கலாம். ஒருவன் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஏன்? ஆர்வம் போய்விட்டது. ஆர்வம் போனது எப்படித் தெரியும்? பயிற்சிக்கு வரவில்லையே! நடத்தையிலிருந்தே ஓர் உள்நிலையை ஊகித்து, அதே உள்நிலையை அந்த நடத்தைக்குக் காரணமாகச் சொல்கிறோம். இதில் புதிதாக எதுவும் விளங்கவில்லை. ஸ்கின்னர் கேட்கச் சொல்வது வேறு. அவன் வந்த நாட்களில் வந்ததற்குப் பின் என்ன நடந்தது? பாராட்டு நின்றுபோனதா, தண்டனை கூடியதா? முன் சூழல், நடத்தை, பின்விளைவு ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பில்தான் காரணம் இருக்கிறது. அதை நாம் மாற்றிப் பார்க்கவும் முடியும், மாற்றினால் நடத்தை மாறுகிறதா என்று சோதிக்கவும் முடியும்.

ஆக, வாட்சனுக்கு அகம் அறிவியலுக்கு வெளியே. ஸ்கின்னருக்கு அகம் உள்ளே உண்டு, ஆனால் காரண நாற்காலியில் அதற்கு இடமில்லை. இந்த ஒரு வேறுபாட்டைச் சரியாக எழுதினாலே, நீங்கள் பாடத்தைப் புரிந்து படித்திருக்கிறீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

பாடநூல் வரிசைப்படி அடுத்து வருவது மனிதநேய உளவியல். நான் அறிவாற்றல் உளவியலை முன்னால் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நடத்தைவாதத்துக்குள்ளேயே நடந்த ஓர் எலிச் சோதனையிலிருந்து நேராக அங்கே போய்விடலாம்.

1930-இல் டோல்மனும் ஹான்ஸிக்கும் வெளியிட்ட சோதனை அது. 14 திருப்பங்கள் கொண்ட புதிர்ப்பாதை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வழி தொடர்ந்து போகும், இன்னொன்று முட்டுச்சந்து. முட்டுச்சந்துக்குள் நுழைந்தால் ஒரு பிழை. எலிகள் மூன்று குழுக்களாக, 17 நாட்கள் ஓடின. முதல் குழுவுக்குப் பாதையின் முடிவில் எப்போதும் உணவு உண்டு. அதன் பிழைகள் நாளுக்கு நாள் சீராகக் குறைந்தன. இரண்டாவது குழுவுக்குக் கடைசி வரை உணவே இல்லை. அதன் பிழைகள் கொஞ்சம்தான் குறைந்தன. மூன்றாவது குழுவுக்கு முதல் 10 நாட்கள் உணவு இல்லை, 11-ஆம் நாள் முதல் உண்டு.

மூன்றாவது குழுவில் என்ன எதிர்பார்ப்பீர்கள்? வலுவூட்டல், அதாவது ஒரு செயலை மீண்டும் செய்ய வைக்கும் பின்விளைவு, இல்லாமல் கற்றல் இல்லை என்றால், அந்த எலிகளுக்கு 11-ஆம் நாள்தான் முதல் வகுப்பு. முதல் குழுவின் எலிகள் தொடக்கத்தில் எப்படி மெல்ல மெல்ல முன்னேறினவோ, அதே வேகத்தில்தான் இவையும் முன்னேற வேண்டும். நடந்தது அது இல்லை. ஒரு முறை உணவு கிடைத்ததும் அடுத்த நாளே பிழைகள் சடாரென்று சரிந்தன. விரைவிலேயே முதல் குழுவுக்கு இணையாக, இன்னும் சொன்னால் அதைவிடவும் நன்றாக ஓடின. அந்த 10 நாட்களில் அவை ஏதோ கற்றிருக்கின்றன, ஆனால் வெளியே காட்டவில்லை.

கற்றல் வேறு, செயலில் காட்டுவது வேறு என்ற பிரிவு இங்கே வந்துவிட்டது. எலியிடம் பாதையின் ஒரு மனவரைபடம் இருக்கிறது என்று டோல்மன் 1948-இல் விரித்து எழுதினார். ஆனால் அவர் தன்னை நடத்தைவாதி என்றே கருதினார். சான்று முழுக்க நடத்தைதானே, எண்ணிக் கணக்கிட்டதெல்லாம் முட்டுச்சந்துப் பிழைகளைத்தானே! விளக்கம் மட்டும் எலிக்குள்ளே போய்விட்டது. சான்றும் ஆய்வுப்பொருளும் முதலில் பிரிந்த இடம் இது என்று எடுத்துக்கொண்டால் அறிவாற்றல் உளவியல் எளிதாகப் புரியும்.

பிறகு வந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1956 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஒரு கருத்தரங்கு. குறுகிய கால நினைவின் கொள்ளளவு பற்றி ஜார்ஜ் மில்லர், தர்க்கத் தேற்றங்களை நிறுவும் கணினி நிரல் பற்றி நியூவெல்லும் சைமனும், மொழியின் இலக்கணம் பற்றி சாம்ஸ்கி என்று பேசினார்கள். 1959-இல் ஸ்கின்னரின் மொழி பற்றிய நூலுக்கு சாம்ஸ்கி எழுதிய மதிப்புரை: ஒரு குழந்தை இதுவரை கேட்டே இராத வாக்கியங்களையும் உருவாக்குகிறது, அதைத் தூண்டல், துலங்கல், வலுவூட்டல் என்ற சொற்களால் மட்டும் விளக்க முடியாது என்றது. 1967-இல் உல்ரிக் நைசரின் நூல் இந்தத் துறைக்குப் பெயரையும் வரையறையையும் நிலைநிறுத்தியது. புலன்கள் வழியே வருவது எப்படி உருமாறுகிறது, சுருங்குகிறது, விரிவடைகிறது, சேமிக்கப்படுகிறது, மீட்டெடுக்கப்படுகிறது, பயன்படுகிறது, இந்தச் செயல்முறைகள் எல்லாமே அறிவாற்றல் என்றார் அவர். தேர்வில் வரையறை கேட்டால் இந்த வினைச்சொற்களின் வரிசையை எழுதினாலே போதும். எல்லாமே ‘என்ன நடக்கிறது’ என்று சொல்லும் சொற்கள் என்பதைக் கவனியுங்கள். மனத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட மனம் அதை என்ன செய்கிறது என்பதுதான் இவர்கள் பாடம்.

சரி, பார்க்க முடியாத ஒன்றை எப்படிச் சோதிப்பது? எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை 1966-இல் சால் ஸ்டெர்ன்பெர்க் செய்தது. ஒருவருக்குச் சில இலக்கங்களை, குறைந்தது ஒன்று, அதிகபட்சம் ஆறு, ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். 3, 8, 5, 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு இலக்கத்தைக் காட்டுகிறார், 8 என்று. அது பட்டியலில் இருந்ததா, இல்லையா? இருந்தால் ஒரு நெம்புகோல், இல்லையென்றால் இன்னொன்று. பதில் கிட்டத்தட்ட எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அளப்பது பதில் வரும் நேரத்தை மட்டும்.

பட்டியலில் ஓர் இலக்கம் கூடினால் பதில் சுமார் 38 மில்லிவினாடி தாமதமாகிறது. தோராயமான சூத்திரம்: 397 + 38 × இலக்கங்களின் எண்ணிக்கை. ஓர் இலக்கத்துக்கு 435 மில்லிவினாடி, நான்குக்கு 549, ஆறுக்கு 625. வரைபடத்தில் இது நேர்கோடு. எனவே மனம் பட்டியலை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கிறது, ஓர் ஒப்பீட்டுக்கு 38 மில்லிவினாடி என்று ஊகித்தார்.

இதற்கு அடுத்த படிதான் அழகு. தேடியது கிடைத்ததும் மனம் நிறுத்திவிடுமா, கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்லுமா? கிடைத்ததும் நிறுத்திவிடும் என்றால், ‘இருந்தது’ என்ற பதிலுக்குச் சராசரியாகப் பாதிப் பட்டியலைப் பார்த்தாலே போதும். ‘இல்லை’ என்று சொல்லத்தான் முழுப் பட்டியலையும் பார்க்க வேண்டும். அப்படியென்றால் ‘இருந்தது’ கோட்டின் சாய்வு ‘இல்லை’ கோட்டின் சாய்வில் பாதியாக இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் இரண்டு சாய்வும் ஒன்றேதான். கிடைத்த பிறகும் மனம் கடைசி வரை ஓடிவிட்டுத்தான் நிற்கிறது என்பது ஸ்டெர்ன்பெர்க்கின் முடிவு.

இதை அகநோக்கால் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. சோதனையில் உட்கார்ந்தவரிடம் கேட்டால், ‘சும்மா தெரிந்தது, அழுத்தினேன்’ என்பார். அதனால், அறிவாற்றல் உளவியல் அகநோக்கை மீண்டும் கொண்டுவந்தது என்று எழுதாதீர்கள். அது மீட்டுக்கொண்டு வந்தது மனத்தை, அகநோக்கை அல்ல. சோதனை ஒழுங்கை நடத்தைவாதிகளிடமிருந்தே எடுத்துக்கொண்டது. ஒருவர் யோசிக்கும்போதே வாய்விட்டுச் சொல்வதைப் பதிவு செய்யும் முறை அங்கே உண்டுதான். அந்தப் பேச்சையும், உள்ளே நடப்பதை ஊகிக்க உதவும் இன்னொரு நடத்தைத் தரவாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

இதன் பலவீனமும் இதே இடத்தில்தான். சான்றும் பொருளும் பிரிந்திருப்பதால், ஒரே தரவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உள்விளக்கங்கள் பொருந்தலாம். ஸ்டெர்ன்பெர்க்கின் நேர்கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா இலக்கங்களையும் ஒரே நேரத்தில் ஒப்பிடும் மனம், ஆனால் எண்ணிக்கை கூடக் கூட வேகம் பங்கிடப்பட்டுக் குறைகிறது என்று வைத்தாலும் இதே நேர்கோடு வரும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். நடத்தைவாதியிடம் இந்தத் தலைவலி கிடையாது, அவர் உள்ளே போகவே இல்லையே. நிறைகுறை எழுதச் சொன்னால் ‘மனிதனைக் கணினியாகப் பார்க்கிறது’ என்ற வரியோடு நிறுத்தாமல் இதையும் எழுதுங்கள்.

இப்போது மனிதநேய உளவியல். விடைத்தாள்களில் பெரும்பாலும் மாஸ்லோவின் தேவைப் படிநிலையை வரைந்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். படிநிலை ஊக்கம் பற்றிய ஒரு கோட்பாடு. உளவியல் எதைப் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அது நேரடி விடை அல்ல. 1943-இல் வந்த மாஸ்லோவின் கட்டுரையில் அந்த முக்கோணப் படமும் கிடையாது.

நேரடி விடை கார்ல் ரோஜர்ஸிடம் இருக்கிறது. ஒவ்வொரு மனிதரும் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் ஓர் அனுபவ உலகத்தின் நடுவில் வாழ்கிறார். அவர் எதிர்வினை காட்டுவது வெளியே உள்ளபடியான உலகத்துக்கு அல்ல, தான் உணரும் அந்த உலகத்துக்கு. எனவே அவருடைய நடத்தையைப் புரிந்துகொள்ளச் சிறந்த இடம் அவருடைய சொந்தப் பார்வைக்கோணம். 1951-இல் ரோஜர்ஸ் எழுதிய இந்தக் கருத்துகளை அப்படியே நடத்தைவாதத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். அங்கே தூண்டல் என்பது ஆய்வாளர் வெளியிலிருந்து அளப்பது. இங்கே அந்தத் தூண்டல் இவருக்கு என்னவாகப் படுகிறது என்பதே தொடக்கம்.

இரண்டு எதிராளிகளை நினைவில் வையுங்கள். ஒரு பக்கம் நடத்தைவாதம், மறுபக்கம் ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வு. முதலாவது மனிதனைச் சூழலின் விளைவாகவும், இரண்டாவது நனவிலி உந்துதல்களின் விளைவாகவும் பார்க்கின்றன, தேர்ந்தெடுக்கிற, வளர்கிற, தன் வாழ்க்கைக்குப் பொருள் தேடுகிற முழு மனிதரை இரண்டுமே தவறவிடுகின்றன என்பது இவர்கள் குற்றச்சாட்டு. மூன்றாவது சக்தி என்ற பெயர் இதனால்தான். 1961-இல் தனி ஆய்விதழ், 1964-இல் அமெரிக்காவின் ஓல்ட் சேப்ரூக்கில் மாநாடு, ஆண்டுகள் இவ்வளவு போதும். நோயுற்றவர்களை மட்டும் படித்தால் போதாது, நன்றாக வாழ்பவர்களையும் படிக்க வேண்டும் என்று மாஸ்லோ ஆய்வுப்பொருளையே விரித்தார். ஆனால் தன் ஆற்றல்களை முழுமையாக வெளிப்படுத்தித் தன்னிறைவு அடைந்தவர்கள் யார் என்று அவர் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் தன் சொந்த மதிப்பீட்டில். அந்த முறை பலவீனமானது என்பதை மறைக்கத் தேவையில்லை.

மனிதநேய உளவியல் எதையும் அளக்காது என்று எழுதுவதும் சரியல்ல. ரோஜர்ஸ் தன் சிகிச்சை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்தவர். 1942-இலேயே ஒரு முழுச் சிகிச்சையின் உரையாடலை வரி வரியாக வெளியிட்டவர். அவருடைய குழு 1954-இல் வெளியிட்ட ஆய்வைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம்.

சிகிச்சைக்கு வந்தவரிடம் 100 அட்டைகளைக் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ‘நான் கடினமாக உழைப்பவன்’ என்பது மாதிரி ஒரு வாக்கியம். ‘எனக்குச் சுத்தமாகப் பொருந்தாது’ என்பதிலிருந்து ‘எனக்கு மிகவும் பொருந்தும்’ வரை அவற்றை ஒன்பது குவியல்களாகப் பிரிக்க வேண்டும். எந்தக் குவியலில் எத்தனை அட்டை என்பது முன்பே வரையறுக்கப்பட்டிருக்கும். முதலில் ‘நான் இப்போது எப்படி இருக்கிறேன்’ என்று அடுக்குகிறார். அப்புறம் அதே அட்டைகளை ‘நான் எப்படி இருக்க விரும்புகிறேன்’ என்று அடுக்குகிறார். இரண்டு அடுக்குகளுக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு, அந்த மனிதரின் நடப்பு சுயத்துக்கும் விரும்பும் சுயத்துக்கும் உள்ள நெருக்கம்.

சிகிச்சைக்கு முன் இந்த ஒட்டுறவின் சராசரி -0.01, அதாவது இரண்டுக்கும் தொடர்பே இல்லை. சிகிச்சைக்குப் பின் 0.34. சிகிச்சை நாடாத ஒப்பீட்டுக் குழுவில் முதலில் 0.58, பிறகு 0.59, மாற்றமே இல்லை. சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களின் நிலையை எட்டவில்லை, ஆனால் தெளிவாக நகர்ந்திருக்கிறார்கள்.

இங்கே அளக்கப்பட்டது என்ன? யாருடைய நடத்தையையும் யாரும் எண்ணவில்லை. எதிர்வினை நேரத்தையும் அளக்கவில்லை. ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொன்னது, அவரே வைத்த இலக்கோடு ஒப்பிடப்பட்டிருக்கிறது. அளவுகோலைக்கூட ஆய்வாளர் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. மனிதநேய உளவியலின் வரையறை ஒரு முறையாக மாறினால் இப்படித்தான் இருக்கும். எங்கே உடையும் என்பதும் தெரிகிறது. தன் குறையைத் தனக்கே ஒத்துக்கொள்ளாதவர் இரண்டு அடுக்கையும் ஒரே மாதிரி வைத்துவிடுவார், ஒட்டுறவு உயர்ந்திருக்கும், ஆனால் அவர் நலமாக இருக்கிறார் என்று பொருள் இல்லை. சிகிச்சையாளரின் மனம் குளிரும்படி அடுக்குபவரும் உண்டு. அந்த மனிதரின் சொல்லைத் தாண்டிச் சரிபார்க்க இந்த அளவைக்குள் வேறு சான்று இல்லை.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றதும் இல்லை. 1956-இல் ஸ்கின்னரும் ரோஜர்ஸும் மனித நடத்தையைக் கட்டுப்படுத்துவது பற்றி ‘சயன்ஸ்’ இதழில் நேருக்கு நேர் விவாதித்தார்கள். கட்டுப்பாடு எப்படியும் நடந்துகொண்டேதான் இருக்கிறது, நாம் விலகிக்கொண்டால் அது வேறு கைகளுக்குப் போகும் என்றார் ஸ்கின்னர். எந்த இலக்கை நோக்கிக் கட்டுப்படுத்துவது என்பதை யார் தேர்ந்தெடுப்பது, அந்தத் தேர்வு அந்த அறிவியலுக்கு வெளியே ஒரு மனிதரின் அகத்தில் அல்லவா நடக்கிறது என்று கேட்டார் ரோஜர்ஸ். அகத்துக்குக் காரண இடம் தருவதா இல்லையா என்ற பழைய கேள்விதான் இங்கே வேறு உருவில் வந்து நிற்கிறது.

இனி, தேர்வில் அடிக்கடி வரும் ‘ஒரு நிகழ்வை மூன்று நோக்கில் விளக்குக’ வகைக் கேள்விக்கு ஒன்றைச் செய்து பார்ப்போம். வகுப்பின் முன் பேச வேண்டிய நாளில் ஒரு மாணவி ஏதாவது காரணம் சொல்லி விலகிவிடுகிறாள்.

நடத்தைவாதி முதலில் குறிப்பேடு எடுப்பார். எத்தனை முறை அழைப்பு வந்தது, எத்தனை முறை விலகினாள், விலகியதும் என்ன நடந்தது? ஆசிரியர் ‘சரி, அடுத்த வாரம் பேசு’ என்கிறார், அவளுடைய பதற்றம் உடனே தணிகிறது. விரும்பத்தகாத ஒன்று நீங்குவதால் விலகும் நடத்தை வலுப்படுகிறது. இது எதிர்மறை வலுவூட்டல், தண்டனை அல்ல. இந்த இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். தீர்வு: இரண்டு பேர் முன், பிறகு ஐந்து பேர் முன் என்று படிப்படியாகப் பேச வைத்து, பேசியதற்கு வலுவூட்டல். முன்னேற்றத்தின் அளவு, பேசிய தடவைகளும் நிமிடங்களும்.

அறிவாற்றல் உளவியலாளர், பேச நிற்கும் அந்தக் கணத்தில் தகவல் எப்படிக் கையாளப்படுகிறது என்று பார்ப்பார். கூட்டத்தில் இருக்கும் முகங்களில் எதை முதலில் கவனிக்கிறாள்? உணர்ச்சி காட்டாத முகத்தைக் கேலி முகமாக வாசிக்கிறாளா? கவனம் தன் நடுங்கும் குரலிலேயே தங்கிவிடுவதால் பேச வேண்டிய வரிகளை மீட்டெடுக்க முடியாமல் போகிறதா? இவற்றை அவளிடம் கேட்பதோடு நிற்காமல், முகப் படங்களைக் காட்டி எதிர்வினை நேரத்தையும் பிழைகளையும் அளந்து ஊகிப்பார்.

மனிதநேய உளவியலாளர், அங்கே நிற்பது அவளுக்கு என்னவாக இருக்கிறது என்று கேட்பார். நன்றாகச் செய்தால்தான் என்னை மதிப்பார்கள் என்ற நிபந்தனையோடு அவள் வளர்ந்திருக்கலாம். தான் யார் என்று அவள் நினைப்பதற்கும் யாராக இருக்க வேண்டும் என்று நினைப்பதற்கும் இடையில் இருக்கும் தூரம்தான் அவருடைய பொருள். நிபந்தனையற்ற ஏற்பு, பரிவோடு புரிந்துகொள்ளுதல், சிகிச்சையாளரின் உண்மைத்தன்மை என்ற மூன்றும் இருந்தால் அவளே வழி காண்பாள் என்பது ரோஜர்ஸின் நம்பிக்கை.

இதோடு நிறுத்தினால் சராசரி விடை. வேறுபாடு கூர்மையாகத் தெரிய ஒரு படி மேலே போங்கள். மூன்று மாதம் கழித்து அவள் ஒவ்வொரு முறையும் எழுந்து பேசுகிறாள், ஆனால் ‘உள்ளுக்குள் அதே நடுக்கம்தான், நான் நடிக்கிறேன்’ என்கிறாள். வாட்சனின் கணக்கில் வேலை பெரும்பாலும் முடிந்தது. ஸ்கின்னருக்கு விலகும் நடத்தை தீர்ந்தது, அந்த நடுக்கமும் விளக்க வேண்டிய இன்னொரு நிகழ்வு. ரோஜர்ஸுக்கு முக்கியமானது இன்னும் தொடங்கவே இல்லை. அறிவாற்றல் உளவியலாளர், அவள் பேசினாளா என்பதோடு, முகங்களை வாசிக்கும் விதம் மாறியதா என்றும் சோதித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். நிலையைத் திருப்பிப் போடுங்கள்: ‘இப்போது பயமே இல்லை’ என்கிறாள், ஆனால் இன்னும் மேடை ஏறவில்லை. இப்போது யார் முடிந்தது என்பார், யார் இல்லை என்பார் என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள். அது சரியாக வந்தால் பாடம் வந்துவிட்டது.

கடைசியாக, எங்கே வைப்பது என்று குழப்பும் பெயர் பண்டூரா. 1965-இல் அவர் குழந்தைகளுக்கு, ஒரு பெரியவர் பொம்மையை அடிக்கும் படத்தைக் காட்டினார். அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அதைப் பின்பற்றினார்கள். பிறகு, பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு உண்டு என்றதும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. இந்தக் குழந்தைகளை மூன்றாவது குழுவின் எலிகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். கற்றிருந்தார்கள், ஆனால் காட்டவில்லை. சான்று, செய்து காட்டிய செயல்களின் எண்ணிக்கை. விளக்கம், பார்த்ததை நினைவில் தக்கவைத்த ஏதோ ஒன்று. ஆகவே பண்டூராவை நடத்தைவாதத்துக்கும் அறிவாற்றல் உளவியலுக்கும் நடுவில், டோல்மனுக்கு அருகில் வைத்து எழுதலாம்.